ஒற்றைப் பிள்ளை எந்தப் பக்கம்?

கேள்வி: வணக்கம் ஐயா. நான் தொடக்கக் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு, எச்2 கம்ப்யூட்டிங் எடுத்திருக்கிறேன். பயிற்சிக்காக நானே ஒரு சின்ன பைனரி மரம் வரைந்து மூன்று வரிசைகளையும் எழுதிப் பார்த்தேன். சரிபார்க்க விடைத்தாள் இல்லை.

```
              40
          /        \
      25             60
     /    \          |
   70      15        35
          /         /  \
         50       20    90
```

ப்ரீஆர்டர்: 40 25 70 15 50 60 35 20 90

இன்ஆர்டர்: 70 25 15 50 40 60 20 35 90

போஸ்ட்ஆர்டர்: 70 50 15 25 20 90 35 60 40

ப்ரீஆர்டரும் போஸ்ட்ஆர்டரும் என் நண்பனுக்கும் இப்படியேதான் வந்தன. இன்ஆர்டரில் மட்டும் 60 கடைசியில் வரவேண்டும் என்கிறான். இன்ஆர்டர் என்றால் ஏறுவரிசையில் வரவேண்டாமா என்று எனக்கு இன்னொரு குழப்பம். பார்த்துச் சொல்வீர்களா?

— மாணவர், உட்லண்ட்ஸ்

பதில்: தம்பி, ப்ரீஆர்டர் சரி, போஸ்ட்ஆர்டரும் சரி. இரண்டிலும் ஓர் எண்ணைக்கூட மாற்ற வேண்டியதில்லை. இன்ஆர்டரில் ஓரிடம் தவறு: 50 வந்த பிறகுதான் 15 வரவேண்டும். இன்னோர் இடம், நீங்களும் நண்பரும் வாதாடும் அந்த 60. அதில் யார் பக்கம் நியாயம் என்று இந்தப் படத்தை வைத்துக்கொண்டு யாராலும் சொல்ல முடியாது. அதைச் சொல்லத் தேவையான தகவல் படத்தில் இல்லை.

ஏறுவரிசைக் கவலையை முதலில் முடித்துவிடலாம். இன்ஆர்டர் ஏறுவரிசையில் வருவது பைனரி தேடல் மரத்தில் மட்டும்தான். அந்த வகை மரத்தில் எந்தக் கணுவை எடுத்தாலும் அதன் இடக்கிளையில் உள்ளவை எல்லாம் அதைவிடச் சிறியவை, வலக்கிளையில் உள்ளவை எல்லாம் பெரியவை. உங்கள் மரத்தில் 25இன் இடப்பக்கம் 70 இருக்கிறது. 40இன் இடக்கிளைக்குள் 70, 50 என்று அதைவிடப் பெரிய எண்கள் இரண்டு இருக்கின்றன. இது தேடல் மரம் இல்லை, சாதாரண பைனரி மரம். இதற்கு இன்ஆர்டர் ஏறுவரிசையில் வந்திருந்தால்தான் எங்கோ பிழை என்று சந்தேகப்பட வேண்டும். வகுப்பில் தேடல் மரத்தையும் இன்ஆர்டரையும் ஒரே வாரத்தில் நடத்துவதால் இரண்டும் மனத்தில் ஒட்டிக்கொள்கின்றன.

இனி அந்த 15க்கும் 50க்கும் வருவோம். இன்ஆர்டரின் விதி உங்களுக்குத் தெரிந்ததுதான்: இடக்கிளையை முழுவதும் முடி, பிறகு கணுவை எழுது, பிறகு வலக்கிளைக்குப் போ. 40இல் தொடங்கினால் அதை எழுதாமல் இடப்பக்கம் 25க்கு இறங்குகிறோம். 25ஐயும் எழுதாமல் இடப்பக்கம் 70க்கு இறங்குகிறோம். 70க்கு இடப்பக்கம் ஒன்றும் இல்லை, அதனால் 70 எழுதுகிறோம். வலப்பக்கமும் ஒன்றும் இல்லை, மேலே 25க்குத் திரும்பி 25 எழுதுகிறோம். இதுவரை நீங்கள் எழுதியதும் இதேதான். இப்போது வலப்பக்கம் 15க்கு இறங்கி நிற்கிறோம். இங்கே பேனாவைத் தாளில் வைப்பதற்கு முன் கேட்க வேண்டியது ஒரே கேள்வி: 15க்கு இடப்பக்கம் யாராவது இருக்கிறார்களா? இருக்கிறார்கள். 50 இடப்பக்கம் சாய்ந்த கோட்டில் தெளிவாகத் தொங்குகிறது. ஆகவே 15ஐ எழுதாமல் 50க்கு இறங்கி, 50 எழுதி, மேலே வந்துதான் 15 எழுத வேண்டும். 15க்கு வலப்பக்கம் யாரும் இல்லை. அப்புறம் 25இன் வேலை முடிந்தது, மேலே 40.

அதாவது முதல் ஐந்து எண்கள் 70 25 50 15 40. நீங்கள் எழுதியது 70 25 15 50 40.

இது கவனக்குறைவால் வந்த பிழை என்று எனக்குத் தோன்றவில்லை. காரணம், 60இலும் நீங்கள் அதையேதான் செய்திருக்கிறீர்கள். அங்கேயும் 60ஐ முதலில் எழுதிவிட்டு அதன் கீழே இருக்கும் 20 35 90ஐ எழுதியிருக்கிறீர்கள். உங்கள் மரத்தில் ஒரே ஒரு பிள்ளை உள்ள கணுக்கள் இரண்டுதான், 15உம் 60உம். இரண்டு இடத்திலும் பெற்றோரை முதலில், பிள்ளையைப் பின்னால் எழுதியிருக்கிறீர்கள். இரண்டு பிள்ளைகள் உள்ள 25, 35, 40 மூன்றிலும் கொஞ்சமும் பிசகவில்லை. இரண்டு பிள்ளைகள் இருக்கும்போது கணுவை நடுவில் வைக்க வேண்டும் என்பது கைக்குப் பழகிவிட்டது. ஒரே பிள்ளை இருந்தால் நடு என்பது எது என்று கை தடுமாறி, ப்ரீஆர்டரின் பழக்கத்துக்குப் போய்விடுகிறது. வார இறுதியில் துணைப்பாடம் சொல்லித் தரும்போது நான் அடிக்கடி பார்க்கும் பிழை இது. இதைப் பிடிப்பது எளிதல்ல, ஏனென்றால் பாதி நேரம் இதே பழக்கம் சரியான விடையைத் தந்துவிடும். ஒற்றைப் பிள்ளை வலப்பக்கம் இருந்தால் பெற்றோர் முதலில் வருவதுதான் சரி. இடப்பக்கம் இருந்தால் மட்டும்தான் மாட்டிக்கொள்வோம்.

இப்போது 60. அதன் கீழே 35ஐ நேர்கோட்டில் தொங்கவிட்டிருக்கிறீர்கள். 35 வலப்பிள்ளை என்று நீங்கள் நினைத்திருந்தால் உங்கள் வரிசையின் கடைசிப் பகுதி, 60 20 35 90, சரி. இடப்பிள்ளை என்று நினைத்தால் நண்பர் சொல்வதுபோல் 20 35 90 60 என்று வரும். பைனரி மரத்தில் 'ஒரு பிள்ளை இருக்கிறது' என்று சொன்னால் மட்டும் போதாது. இடமா வலமா என்பதும் அந்த மரத்தின் ஒரு பகுதி. 35ஐ இடப்பக்கம் வைத்தால் ஒரு மரம், வலப்பக்கம் வைத்தால் வேறொரு மரம். எண்களும் கோடுகளும் ஒன்றாக இருந்தாலும் இரண்டும் ஒரே மரம் ஆகாது. புளோக்கில் ஒரு தளத்தில் இரண்டே வீடுகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று காலியாகக் கிடக்கிறது என்பதற்காக மற்ற வீட்டின் கதவு எண் மாறிவிடாது. குடும்ப மரம், அலுவலகப் பதவி வரைபடம் போன்ற பொதுவான மரங்களில் இந்த இட வலப் பேச்சே கிடையாது. அங்கே ஒரே பிள்ளையை நேர் கீழே வரைவதுதான் அழகு. நீங்களும் அந்தக் கைப்பழக்கத்தில்தான் வரைந்திருப்பீர்கள்.

பைத்தானில் இதே மரத்தைக் கட்டிப் பாருங்கள், நேர் கீழே என்று ஓர் இடமே இல்லை என்பது உடனே தெரியும்.

```python
class Node:
    def __init__(self, data, left=None, right=None):
        self.data = data
        self.left = left
        self.right = right

def inorder(t):
    if t is None:
        return
    inorder(t.left)
    print(t.data, end=" ")
    inorder(t.right)

t = Node(40,
         left=Node(25, left=Node(70),
                   right=Node(15, left=Node(50))),
         right=Node(60,
                    right=Node(35, left=Node(20), right=Node(90))))
inorder(t)
```

60 வரும் வரியில் `left=` அல்லது `right=` என்று ஏதாவது ஒன்றை எழுதியே ஆக வேண்டும். மேலே நான் `right=` போட்டிருக்கிறேன். ஓடவிட்டால் 70 25 50 15 40 60 20 35 90 என்று வரும். அந்த ஒரு சொல்லை `left=` என்று மாற்றினால் 70 25 50 15 40 20 35 90 60. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: பக்கத்தின் பெயரைச் சொல்லாமல் `Node(60, Node(35))` என்று எழுதினால் பைத்தான் எதுவும் கேட்காது, பிழைச் செய்தியும் தராது. இரண்டாவது இடத்தில் வருவது `left` என்பதால் 35ஐ இடப்பக்கம் வைத்துவிடும். வலப்பிள்ளை என்று நினைத்துக்கொண்டு இப்படி எழுதுபவர்கள், தாளில் வந்த விடையும் கணினி தந்த விடையும் ஏன் வேறாக இருக்கின்றன என்று மண்டையை உடைத்துக்கொள்வார்கள்.

இத்தனை குழப்பத்துக்கு இடையிலும் ப்ரீஆர்டரும் போஸ்ட்ஆர்டரும் மட்டும் எப்படி உங்கள் இருவருக்கும் ஒரே மாதிரி வந்தன? இதைத்தான் நீங்கள் நன்றாகப் புரிந்துகொள்ள வேண்டும் என்று விரும்புகிறேன். ப்ரீஆர்டரில் கணுவை எழுதிவிட்டு, இடம், வலம் என்று அடுத்தடுத்துப் போகிறோம். ஒரு பக்கம் காலி என்றால் அங்கே போய் எதையும் எழுதாமல் திரும்பி வருகிறோம். 60க்கு இடப்பக்கம் காலியா வலப்பக்கம் காலியா என்பது எழுதிய வரிசையில் தடமே விடாது. 60 எழுதினோம், அப்புறம் 35இன் குடும்பம், அவ்வளவுதான். போஸ்ட்ஆர்டரிலும் இதே கதை. இரண்டு பக்கமும் முடிந்த பிறகே 60. காலியான பக்கத்துக்கு முதலில் போனோமா கடைசியில் போனோமா என்பது வெளியே தெரியாது. இன்ஆர்டரில் மட்டும்தான் கணுவை எழுதுவது இடத்துக்கும் வலத்துக்கும் நடுவில் நடக்கிறது. அதனால் அதில் மட்டும்தான் பக்கம் தெரிகிறது.

இதற்கு ஒரு விளைவு உண்டு. ப்ரீஆர்டரையும் போஸ்ட்ஆர்டரையும் மட்டும் உங்களிடம் கொடுத்து மரத்தை வரையச் சொன்னால், ஒற்றைப் பிள்ளை இருக்கும் இடத்தில் பக்கத்தைக் கண்டுபிடிக்க வழியே இல்லை. ஒற்றைப் பிள்ளை என்பதைக் கண்டுபிடிக்கலாம். ப்ரீஆர்டரில் 60க்கு அடுத்து வருவது 35. போஸ்ட்ஆர்டரில் 60க்கு முன்னால் வருவதும் 35. பிள்ளைகள் உள்ள ஒரு கணுவுக்கு ப்ரீஆர்டரில் அடுத்து வருவது அதன் முதல் பிள்ளை. போஸ்ட்ஆர்டரில் அதற்குச் சற்று முன்னால் வருவது கடைசிப் பிள்ளை. முதல் பிள்ளையும் கடைசிப் பிள்ளையும் ஒன்றே என்றால் இருப்பது ஒரே பிள்ளை. 25ஐப் பாருங்கள், அடுத்து 70, முன்னால் 15, ஆக இரண்டு பிள்ளைகள். 15ஐப் பாருங்கள், அடுத்து 50, முன்னாலும் 50. அதனால் ஒன்றே ஒன்று. ஆனால் எந்தப் பக்கம் என்பது அந்த இரண்டு வரிசைகளுக்குள் இல்லை.

உங்கள் மரத்தில் அப்படிப்பட்ட கணுக்கள் இரண்டு. ஒவ்வொன்றுக்கும் இரண்டு வாய்ப்பு என்றால் மொத்தம் நான்கு மரங்கள். நான்குக்கும் ப்ரீஆர்டர் ஒன்றே, போஸ்ட்ஆர்டரும் ஒன்றே. இன்ஆர்டர் மட்டும் நான்கு விதமாக வரும்:

```
50 இடம், 35 வலம் :  70 25 50 15 40 60 20 35 90
50 இடம், 35 இடம் :  70 25 50 15 40 20 35 90 60
50 வலம், 35 வலம் :  70 25 15 50 40 60 20 35 90
50 வலம், 35 இடம் :  70 25 15 50 40 20 35 90 60
```

மூன்றாவது வரியைப் பாருங்கள், அது நீங்கள் எழுதியதுதான். நீங்கள் எழுதியது அர்த்தமில்லாத வரிசை அல்ல. வேறொரு மரத்துக்கு அது முழுக்கச் சரியான இன்ஆர்டர். அதனால்தான் திரும்பத் திரும்பப் படித்தும் எதுவும் கண்ணில் படவில்லை.

வழக்கமாகச் சொல்லித் தரும் சரிபார்ப்புகளும் இந்தப் பிழையைப் பிடிக்காது. ப்ரீஆர்டரின் முதல் எண்ணும் போஸ்ட்ஆர்டரின் கடைசி எண்ணும் வேராக இருக்க வேண்டும் என்பார்கள். இருக்கிறது, 40. இலைகள் மூன்று வரிசையிலும் ஒரே ஒழுங்கில் வரவேண்டும் என்பார்கள். உங்கள் இலைகள் 70, 50, 20, 90. மூன்றிலும் அதே ஒழுங்கில்தான் வருகின்றன, பிழையுள்ள இன்ஆர்டரிலும்கூட. இன்னொரு நல்ல சோதனை, ஒரு கணுவும் அதன் கீழே இருப்பவையும் எந்த வரிசையிலும் சிதறாமல் பக்கத்தில் பக்கத்தில் நிற்க வேண்டும் என்பது. 15உம் 50உம் ஒட்டித்தான் நிற்கின்றன. முன்பின் மாறியிருப்பது இந்தச் சோதனைக்குத் தெரியாது. இந்தச் சோதனைகளை விட்டுவிடச் சொல்லவில்லை, சில நொடிகளில் முடிபவை, பெரிய பிழைகளைப் பிடித்துவிடும். ஒற்றைப் பிள்ளையின் பக்கத்தை அவற்றிடம் எதிர்பார்க்கக் கூடாது, அவ்வளவுதான்.

பிடிக்கும் சோதனை ஒன்று இருக்கிறது. படத்தை மூடி வைத்துவிட்டு, நீங்கள் எழுதிய ப்ரீஆர்டரையும் இன்ஆர்டரையும் மட்டும் வைத்து மரத்தைத் திரும்பக் கட்டுங்கள். ஒரே எண் இரண்டு முறை வராத வரை, இந்த இரண்டு வரிசைகளிலிருந்து ஒரே ஒரு மரம்தான் கிடைக்கும். ப்ரீஆர்டரின் முதல் எண் 40, அதுதான் வேர். இன்ஆர்டரில் 40க்கு இடப்பக்கம் 70 25 15 50 இருக்கின்றன, அவை இடக்கிளை. வலப்பக்கம் 60 20 35 90, அவை வலக்கிளை. இடக்கிளைக்கு ப்ரீஆர்டரில் 25 70 15 50 என்று வருகிறது, ஆகவே அதன் வேர் 25. இன்ஆர்டரில் 25க்கு இடப்பக்கம் 70, வலப்பக்கம் 15 50. இந்தக் கடைசி இரண்டில் ப்ரீஆர்டரில் முன்னால் வருவது 15, அது பெற்றோர். இன்ஆர்டரில் 50 எங்கே இருக்கிறது? 15க்கு வலப்பக்கம். அப்படியென்றால் 50 என்பது 15இன் வலப்பிள்ளை. இப்போது மூடிய படத்தைத் திறந்தால் 50 இடப்பக்கம் தொங்குகிறது. பிழை இருக்கும் இடம் இதுதான் என்று வரிசையே விரல் நீட்டிக் காட்டிவிடுகிறது.

வலக்கிளையையும் இதே மாதிரி கட்டினால், ப்ரீஆர்டரில் 60 முதலில், இன்ஆர்டரிலும் 60 முதலில். 60க்கு இடப்பக்கம் ஒன்றும் இல்லை, ஆகவே 35 வலப்பிள்ளை. உங்கள் வரிசை அப்படிச் சொல்கிறது, நண்பரின் வரிசை இடப்பிள்ளை என்று சொல்லும். படத்தைத் திறந்தால் நேர்கோடு. ஒப்பிட எதுவும் இல்லை. உங்கள் வாதம் முடிவுக்கு வராமல் நிற்பது இதனால்தான்.

இன்ஆர்டருக்கு ஒரு குறுக்குவழியும் சொல்வார்கள், உங்களுக்கும் யாராவது சொல்லியிருக்கலாம். ஒவ்வொரு கணுவிலிருந்தும் நேர் கீழே ஒரு கோடு போட்டு, அடியில் இடமிருந்து வலமாகப் படித்தால் இன்ஆர்டர் கிடைத்துவிடும் என்று. நன்றாக வரைந்த படத்தில் இது வேலை செய்யும். நன்றாக வரைந்தது என்றால், ஒவ்வொரு கணுவின் இடக்கிளை முழுவதும் அதற்கு இடப்பக்கமாகவும், வலக்கிளை முழுவதும் வலப்பக்கமாகவும் தாளில் விலகி நிற்க வேண்டும். உங்கள் படத்தில் இடப் பாதிக்கு இந்தக் கோடுகளைப் போட்டால் 70, 25, 50, 15, 40 என்று சரியாக வருகிறது. வலப் பாதியில் 20 முதலில் விழுகிறது, பிறகு 60உம் 35உம் ஒரே கோட்டில் மோதிக்கொள்கின்றன, கடைசியில் 90. மோதும் இரண்டில் எதை முதலில் எழுதினாலும் 20 60 35 90 அல்லது 20 35 60 90 என்றுதான் வரும். மேலே உள்ள நான்கு வரிகளில் இவை எங்கேயும் இல்லை. இரண்டுமே தவறு, 35 எந்தப் பக்கம் இருந்தாலும் தவறு. 35இன் குடும்பமான 20, 35, 90 மூன்றும் ஒட்டி நிற்க வேண்டிய இடத்தில் 60 நடுவில் புகுந்துவிட்டது. சிதறக் கூடாது என்ற அந்தச் சோதனை இங்கே நன்றாகப் பயன்படுகிறது. நீங்களும் நண்பரும் இந்தக் குறுக்குவழியில் போகாமல் விதிப்படி நடந்ததால்தான் இரண்டு பேரின் விடையும் நடக்கக்கூடிய விடையாக வந்திருக்கிறது.

ஆகவே படத்தைத் திருத்துங்கள். 35 வலப்பிள்ளை என்றால் அதன் குடும்பம் மொத்தமும், 20 உட்பட, 60க்கு வலப்பக்கம் தள்ளி வர வேண்டும்.

```
              40
          /        \
      25             60
     /    \             \
   70      15            35
          /             /  \
         50            20   90  
```